திமிங்கிலத் தாடையிலிருந்து தையல் மேசைக்கு

துணிக்கு இழுக்கத் தெரியும், தாங்கத் தெரியாது. ஒரு துண்டுத் துணியின் மேல் முனையைப் பிடித்துத் தூக்கினால் அது தொங்கும். அதன் கீழ் முனையை மேசையில் ஊன்றி நிறுத்திப் பார்த்தால் மடங்கிச் சரியும். பெண்களின் மேலாடை வரலாற்றில் பாதிக்கு மேல் இந்த ஒரு குறையைச் சுற்றியே நடந்திருக்கிறது. மார்பின் எடையை ஏதாவது ஓர் இடத்தில் இறக்கி வைக்க வேண்டும். மேலிருந்து தொங்கவிட்டால் தோள் அதைச் சுமக்கும். கீழிருந்து முட்டுக் கொடுத்தால் இடுப்பு சுமக்கும். அப்படி முட்டுக் கொடுக்க வேண்டுமானால் துணிக்குள் விறைப்பான ஒரு பொருளைச் செருகியாக வேண்டும். தையற்காரர்கள் இன்று ‘போன்’ என்று சொல்லும் அந்த மெல்லிய பட்டிதான் இந்தக் கட்டுரையின் நாயகன். கோர்செட் டாப், பஸ்டியர், கேமிசோல், கிராப் டாப் என்று கடைகளில் ஒரே வரிசையில் தொங்கும் நான்கையும் பிரித்தறிய, அந்தப் பட்டி எங்கிருந்து வந்தது, எந்த ஆடையில் தங்கியது, எதிலிருந்து வெளியேறியது என்று பார்த்தால் போதும்.

ஆர்க்டிக் கடலில் பிறப்பு

பல் இல்லாத பெருந்திமிங்கிலங்களின் மேல்தாடையிலிருந்து வரிசை வரிசையாகத் தகடுகள் தொங்குகின்றன. வாய் நிறையக் கடல்நீரை வாங்கி, நீரை வெளியே தள்ளி, சின்னஞ்சிறு உயிரினங்களை மட்டும் உள்ளே நிறுத்திக்கொள்ளும் வடிகட்டி அது. நம் நகமும் முடியும் எதனால் ஆனவையோ அதே கெரட்டினால் ஆனது. ஆர்க்டிக் கடலில் வாழும் போஹெட் திமிங்கிலத்தின் வாயில் ஒரு பக்கத்துக்கு 300-க்கு மேற்பட்ட தகடுகள் இருக்கும். நீளமானவை 4 மீட்டரைத் தொடும். வேறெந்தத் திமிங்கிலத்துக்கும் இவ்வளவு நீளமான தகடு கிடையாது.

தையற்காரருக்கு இது அமைந்ததுபோல வேறொரு பொருள் அமையவில்லை. நார்கள் நீளவாக்கில் ஓடுவதால் கத்தியை வைத்துப் பிளந்தால் நூல் பிடித்தாற்போல நேராகப் பிளக்கும். சில மில்லிமீட்டர் அகலத்துக்குக்கூடச் சீவி எடுக்கலாம். வெந்நீரில் ஊறவைத்தால் இளகும். இளகியதை வளைத்து ஆறவிட்டால் அந்த வளைவு அப்படியே நிற்கும். வியர்வையில் துருப்பிடிக்காது. எடையோ மிகக் குறைவு. வளைத்தால் வளைந்து கொடுக்கும், விட்டால் எழுந்து நிற்கும்.

16-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் இந்தப் பட்டி ஐரோப்பிய அரச குடும்பத்துப் பெண்களின் உள்கச்சைக்குள் நுழைந்துவிட்டது. இன்றும் மிஞ்சியிருக்கும் சான்று ஒன்று லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இருக்கிறது. 1603-இல் முதலாம் எலிசபெத் அரசி இறந்தபோது இறுதி ஊர்வலத்துக்காகச் செய்த உருவப் பொம்மைக்கு அணிவித்த கச்சை அது. இரண்டு அடுக்குத் துணிக்கு நடுவே நெருக்கமான தையல் குழாய்கள். ஒவ்வொரு குழாயிலும் ஒரு திமிங்கிலப் பட்டி. முன்பக்கம் நாடா கோத்து இறுக்கும் அமைப்பு. தோளுக்குப் பட்டையும் உண்டு.

அந்தத் தோள்பட்டையைக் கவனிக்க வேண்டும். 18-ஆம் நூற்றாண்டு வரை இந்த வகைக் கச்சைகளில் அது பெரும்பாலும் இருந்தது. உடலைக் கூம்பு வடிவத்துக்குள் நிறுத்துவதே அவற்றின் வேலை: மேலே அகலம், கீழே குறுகல், முன்பக்கம் பலகைபோலத் தட்டை. இடுப்பை மிகையாக ஒடுக்குவது அவற்றின் நோக்கமாக இருக்கவில்லை. கையால் நூல் சுற்றித் தைத்த நாடாத் துளைகள் அவ்வளவு இழுப்பைத் தாங்கவும் செய்யாது. எடையில் ஒரு பங்கு தோளுக்குப் போயிற்று, மீதி பட்டிகள் வழியாகக் கீழே இறங்கிற்று.

தோள்பட்டை கழன்ற காலம்

1820-களின் இறுதியில் இரண்டு சிறிய உலோகப் பொருள்கள் எல்லாவற்றையும் மாற்றின. ஒன்று, நாடா கோக்கும் துளைக்கு உலோக வளையம். நாம் இன்று ‘ஐலெட்’ என்று சொல்வது அதைத்தான். எவ்வளவு இழுத்தாலும் துளை கிழியாது. இன்னொன்று, முன்பக்கத்தில் இரண்டாகப் பிரியும் எஃகுப் பட்டை. ஒரு பக்கம் குமிழ், மறுபக்கம் கொக்கி. அது பரவலாகப் புழக்கத்துக்கு வர இன்னும் சில பத்தாண்டுகள் ஆயின. வந்த பிறகு, பின்னால் நாடாவைத் தளர்த்திவிட்டு முன்பக்கத்தில் தானே மாட்டவும் கழற்றவும் முடிந்தது.

துளை தாங்கும் என்றதும் இடுப்பை இறுக்க முடிந்தது. இடுப்பு இறுகியதும் கச்சை அங்கே ஊன்றி உட்கார்ந்துகொண்டது. கீழே இடுப்பெலும்பு விரிவதால் அதற்கு மேல் இறங்கவும் வழியில்லை. இடுப்பில் ஊன்றிய பட்டிகள் மேல் விளிம்பைத் தாங்கி நிற்க, தோள்பட்டைக்கு வேலை இல்லாமல் போயிற்று. 1840-களின் கச்சைகளில் அது பெரும்பாலும் காணாமல் போகிறது. பந்தலை நினைத்துக்கொள்ளலாம். கால்கள் தரையில் ஊன்றியிருந்தால் கூரையை மேலிருந்து யாரும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. கோர்செட்டின் தரை, இடுப்பு.

இன்றைய கோர்செட் டாப்பை அடையாளம் காண இந்த ஒரு செய்தி போதும். அதற்குத் தோள்பட்டை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பட்டிகள் மேல் விளிம்பிலிருந்து இடுப்புவரையாவது ஓட வேண்டும் என்பதுதான் கட்டாயம்.

தேவை பெருகப் பெருகத் திமிங்கிலம் குறைந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் மண்ணெண்ணெய் வந்து திமிங்கில எண்ணெயின் விலை சரிந்தபோது, தாடைத் தகட்டின் விலை ஏறியது. நூற்றாண்டின் முடிவில் ஒரு பவுண்டு 5 டாலர் அளவுக்கு விற்றது. அதனால் வேட்டைக்காரர்கள் தாடைத் தகட்டை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டுவந்தார்கள். கப்பல்கள் ஆர்க்டிக்கின் உள்ளே உள்ளே போயின. 1871-இல் அலாஸ்காவின் வடக்குக் கரையோரம் 30-க்கும் மேற்பட்ட கப்பல்கள் பனியில் சிக்கின. அவற்றைக் கைவிட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறு படகுகளில் தப்பினார்கள். அந்தக் கப்பல்கள் தேடிப் போனவற்றில் எண்ணெயோடு இந்தத் தகடும் உண்டு. மேலாடைக்குள் இருக்கும் ஒரு பட்டிக்கு இவ்வளவு பெரிய விலை கொடுக்கப்பட்டிருக்கிறது.

மாற்றுப் பொருள்கள்

மாற்றுத் தேடிப் பலர் முயன்றார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து திரீ ஓக்ஸ் என்ற சிற்றூரில் ஜவுளிக்கடை வைத்திருந்த எட்வர்ட் வாரன், தூசி துடைக்கும் துடைப்பம் செய்யும் ஆலையில் கழிவாகக் கிடந்த வான்கோழி இறகுத் தண்டுகளைப் பார்த்தார். அவற்றைப் பிளந்து நூலால் சுற்றிக் கட்டிப் பட்டியாக்கி, 1883-இல் காப்புரிமை பெற்றார். ‘ஃபெதர்போன்’ என்ற அந்தப் பொருளால் அந்த ஊரே வளர்ந்தது.

நிலைத்து நின்றது எஃகு. தட்டையான எஃகுப் பட்டி உறுதியானது. முன்னும் பின்னும் மட்டுமே வளையும், பக்கவாட்டில் அசையாது. நாடா கோக்கும் பின்பக்கத்துக்கும் நேரான முன்பக்கத்துக்கும் அது சரி. மார்பு வளைவிலும் இடுப்புச் சரிவிலும் ஓடும் தையலுக்கு அது ஆகாது. அந்தச் சிக்கலைத் தீர்த்தது சுருள் எஃகு. கம்பியைச் சுருட்டித் தட்டையாக அமுக்கினால் நான்கு பக்கமும் வளையும் பட்டி கிடைக்கும். இதை அடிப்படையாகக் கொண்டு 1904-இல் பென்சில்வேனியாவில் தொடங்கிய ஸ்பைரெல்லா நிறுவனம், பிறகு இங்கிலாந்தின் லெட்ச்வொர்த்தில் எழுப்பிய பெரிய ஆலைக் கட்டடம் இன்றும் நிற்கிறது. இப்போதும் உண்மையான கோர்செட் தைப்பவர்கள் நேர் தையலுக்குத் தட்டை எஃகையும் வளைந்த தையலுக்குச் சுருள் எஃகையும் வைக்கிறார்கள்.

எஃகுக்கு ஒரு குறை உண்டு. மேல்பூச்சு உரிந்தால் துருப்பிடிக்கும். மேலே போடும் நல்ல உடையைக் கறைபடுத்தும், உராய்ந்து தேய்க்கும். அதனால் கச்சைக்கும் வெளியுடைக்கும் நடுவே பருத்தியிலோ பட்டிலோ மெல்லிய உடுப்பு ஒன்றைப் பெண்கள் அணிந்தார்கள். பட்டிகளின் வரிகள் வெளியே தெரியாமலும் அது மறைத்தது. கேமிசோலின் தொடக்கம் இதுதான். அது எதையும் தாங்கப் பிறந்த ஆடை இல்லை. தாங்கும் ஆடையின்மேல் போர்த்தப் பிறந்தது. இன்றுவரை அதன் குணம் மாறவில்லை.

தோளுக்குத் திரும்பிய எடை

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கச்சையின் மேல் விளிம்பு மார்புக்குக் கீழே இறங்கத் தொடங்கியது. மார்புக்குத் தனியாக ஒரு ஏற்பாடு தேவைப்பட்டது. நியூயார்க்கைச் சேர்ந்த மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப், தன் மெல்லிய விருந்து உடைக்கு மேலே கோர்செட்டின் பட்டி துருத்திக்கொண்டு தெரிந்ததால், பணிப்பெண்ணின் உதவியோடு இரண்டு கைக்குட்டைகளையும் ரிப்பனையும் இணைத்து ஒரு மார்க்கச்சு தைத்தார். 1914-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. உள்ளே ஒரு பட்டிகூட இல்லை. இடுப்பில் ஊன்றியிருந்த எடை, ரிப்பன் வழியாக மறுபடியும் தோளுக்கு ஏறியது.

கேமிசோலும் அந்தப் பாதையிலேயே போயிற்று. கோர்செட் மறைந்த பிறகு, மூடுவதற்கு ஒன்றும் இல்லாத மூடியாக அது தனித்து நின்றது. மெல்லிய பட்டையில் தோளிலிருந்து தொங்கும் தளர்வான மேலாடையாயிற்று. சாட்டின் போன்ற நெசவுத் துணியில் தைக்கும்போது துணியைக் குறுக்காக, 45 பாகைச் சாய்வில் வெட்டினால் இழுபடும் தன்மை வரும், உடலோடு ஒட்டி விழும். அப்படி வெட்டிய கேமிசோலை ஓர் இரவாவது தொங்கவிட்ட பிறகே கீழ்மடிப்பு அடிக்க வேண்டும். துணி தன் எடையில் சில இடங்களில் நீண்டு இறங்கும். உடனே மடித்து அடித்தால் ஒரு முறை துவைத்ததும் கீழ்விளிம்பு அலையலையாகிவிடும்.

பின்னலாடையில் இந்தத் தொல்லை இல்லை. திருப்பூரில் ஏற்றுமதிக்குத் தைக்கும் கேமிசோல்கள் பெரும்பாலும் பருத்தியோடு எலாஸ்டேன் கலந்த ஜெர்சியிலோ ரிப்பிலோ ஆனவை. துணியே நீண்டு சுருங்கும். சிலவற்றின் உள்ளே மார்புக்குக் கீழ் எலாஸ்டிக்குடன் இன்னொரு அடுக்குத் துணி தைத்திருக்கும். அது ஓரளவுக்குப் பிடித்து நிறுத்தும். ஆனாலும் பட்டி இல்லாத ஆடை தோளில்தான் தொங்குகிறது. 6 முதல் 10 மில்லிமீட்டர் அகலமே உள்ள பட்டையில் மொத்த எடையும் தொங்கும்போது, மார்பு பெரிதாக உள்ளவர்களுக்குத் தோளில் கோடு விழும். கேமிசோலை உள்ளே பிரா இல்லாமல் அணிய நினைப்பவர்கள் பார்க்க வேண்டியது பட்டையின் அகலத்தையும், அது முதுகில் இணையும் இடத்தையும். இரண்டு பட்டைகளும் முதுகில் வெகுதூரம் விலகி இருந்தால் தோளிலிருந்து வழுக்கிக்கொண்டே இருக்கும். அளவுக் கொக்கியைச் சுருக்கினாலும் அது தீராது.

பஸ்டியர் கண்ட நடுவழி

1947-இல் கிறிஸ்டியன் டியோர் மெல்லிய இடுப்பையும் விரிந்த பாவாடையையும் திரும்பக் கொண்டுவந்தார். தோள் முழுவதும் திறந்த விருந்து உடைகள் நாகரிகமாயின. தோள் திறந்தால் பட்டை போட முடியாது. பழைய முழுக் கோர்செட்டுக்குத் திரும்பவும் யாரும் விரும்பவில்லை. நடுவில் ஒரு வழி தேவைப்பட்டது. 1952-இல் வார்னர்ஸ் நிறுவனம், அந்த ஆண்டு வெளிவந்த ‘தி மெர்ரி விடோ’ திரைப்படத்தின் பெயரிலேயே ஓர் உள்ளாடையை வெளியிட்டது. மார்புக்குக் கம்பி வைத்த கப், அதற்குக் கீழே இடுப்புவரை நீளும் உடல்பகுதி, நீண்டு கொடுக்கும் வலைத்துணி, சில மெல்லிய பட்டிகள், பின்னால் வரிசையாக ஹூக். பஸ்டியரின் இலக்கணம் அதிலேயே முழுமையாக இருக்கிறது.

கோர்செட் தாங்குவது இடுப்பில். பஸ்டியர் முதலில் தாங்குவது மார்புக்குக் கீழே விலாவைச் சுற்றி ஓடும் இறுக்கமான வளையத்தில். கப்பின் அரைவட்டக் கம்பி மார்பின் எடையை அந்த வளையத்துக்குக் கடத்துகிறது. பக்கத் தையல்களில் உள்ள பட்டிகளின் வேலை, துணி சுருண்டு கீழே மடங்காமல் பார்த்துக்கொள்வது. அதனால் பஸ்டியரில் பட்டிகளின் எண்ணிக்கை குறைவு. மார்பின் வடிவம் கோர்செட்டில் நீளவாக்குத் துண்டுகளின் வெட்டிலிருந்து வரும். பஸ்டியரில் அது தனியாகத் தைத்த கப்பிலிருந்து வரும். கடையில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் மார்புக்குக் கீழே அரைவட்டத் தையல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் அது பஸ்டியர். மேலிருந்து கீழ்வரை அறுபடாமல் ஓடும் தையல்கள் மட்டுமே இருந்தால் கோர்செட் வகை.

இவையெல்லாம் உள்ளாடையாகவே இருந்தவை. 1987-இல் லண்டன் வடிவமைப்பாளர் விவியன் வெஸ்ட்வுட் தன் ‘ஹாரிஸ் ட்வீட்’ தொகுப்பில் கோர்செட்டை வெளியாடையாக மேடையேற்றினார். 18-ஆம் நூற்றாண்டு வடிவத்தையே எடுத்துக்கொண்டு, நாடாவுக்குப் பதில் ஜிப்பும், விலாப்பக்கத்தில் இழுபடும் துணியும் வைத்தார். பிறர் உதவியில்லாமல் போட்டுக்கொண்டு, மூச்சு விட்டுக்கொண்டு, நடமாட முடிந்தது. 1990-இல் மடோனாவின் இசைப் பயணத்துக்கு ழான் போல் கோத்தியே கூம்புக் கப் வைத்த உடையைத் தைத்துக் கொடுத்த பிறகு, பஸ்டியரும் வெளியே வந்துவிட்டது. இன்று நாம் ‘கோர்செட் டாப்’ என்று வாங்குவது வெஸ்ட்வுட் திறந்த வழியில் வந்ததே. அதன் வேலை இடுப்பை ஒடுக்குவது அன்று. இடுப்பின் உண்மை அளவிலேயே நின்று வடிவம் காட்டுவது.

கிராப் டாப்பின் இடம்

பயணத்தின் நான்காவது ஊரில் பட்டி இறங்குவதே இல்லை. கிராப் டாப் மார்புக்குக் கீழேயோ, இடுப்புக்கு மேலேயோ முடிந்துவிடுகிறது. பட்டி ஊன்ற அங்கே இடமில்லை. அது துணியின் நீட்சியாலும், கீழ்விளிம்பு எலாஸ்டிக்காலும், தோளாலும் நிற்கிறது. புடவைக்கு ரவிக்கை அணியும் நாட்டில் இந்த நீளம் யாருக்கும் புதிதல்ல. ஆனால் நம் ரவிக்கையில் டக்கும் லைனிங்கும் உடலளவுக்கு வெட்டிய துண்டுகளும் உண்டு. ரிப் துணிக் கிராப் டாப்பில் அவை எதுவும் இல்லை. அதன் பெரிய தொல்லை, கையைத் தூக்கினால் மேலேறுவதும் இறங்காமல் நிற்பதும். கீழ்விளிம்பு எலாஸ்டிக், அது உட்காரும் இடத்தின் சுற்றளவைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவாக இருந்தால் பிடித்து நிற்கும். அதற்கும் குறைத்தால் சதையில் பதியும், சுருண்டு கயிறாகும்.

உடல் மறைப்பைப் பொறுத்தவரை நான்குக்கும் ஓர் ஒழுங்கு தெரிகிறது. கேமிசோல் நீளத்தில் தாராளம், இடுப்புக்குக் கீழேயும் இறங்கும். தோளும் கையும் திறந்திருக்கும். கோர்செட் டாப் வயிற்றை முழுக்க மூடி, இடுப்புக்குச் சற்றுக் கீழே முனை கூர்ந்து முடியும். பஸ்டியர் இடுப்போடு அல்லது அதற்கு முன்பே நின்றுவிடும். கிராப் டாப் வயிற்றைத் திறந்துவிட்டு, வேண்டுமானால் கழுத்தையும் கையையும் முழுக்க மூடலாம்.

தையல் மேசையில் ஒரு ரவிக்கை

இப்போது இந்தப் பட்டி நம் ஊர்த் தையற்கடைக்கு வந்துவிட்டது. வரவேற்பு லெஹங்காவுக்குத் தோள்பட்டை இல்லாத ‘கோர்செட் பிளவுஸ்’ கேட்கிறார்கள். ஓர் அளவை எடுத்துக்கொள்வோம்: மார்புச் சுற்று 92 சென்டிமீட்டர், மார்புக்குக் கீழ்ச் சுற்று 78, இடுப்பு 72.

வழக்கமாக நடப்பது இது. பிரின்சஸ் கட் ரவிக்கை ஒன்றைக் கேன்வாஸ் ஒட்டித் தைத்து, தையல்களில் ரிஜிலீன் வைக்கிறார்கள். அது பாலியெஸ்டர் இழைகளை வரிசையாகச் சேர்த்து நெய்த, கத்தரியால் வெட்டக்கூடிய பட்டி. மேலேயே தையல் ஓட்டலாம், மலிவு, துருவும் பிடிக்காது. ரவிக்கையின் நீளம் மார்புக்கும் இடுப்புக்கும் நடுவிலேயே நின்றுவிடுகிறது. கண்ணாடி முன் நிற்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். மேடையில் ஒரு மணி நேரம் ஆனதும் மணப்பெண் இரண்டு கையாலும் ரவிக்கையை மேலே இழுத்துவிடத் தொடங்குவார்.

தையல் தளர்ந்துவிட்டது என்று நினைத்து இன்னும் இறுக்கினால் நிலைமை மோசமாகும். விலாக்கூடு மேலே அகலமாகவும் இடுப்பை நோக்கிக் குறுகலாகவும் இருக்கிறது. அந்தச் சரிவில் மாட்டிய இறுக்கமான வளையம் குறுகலான பக்கமாகத்தான் நகரும். 78-லிருந்து 72-க்குப் போகும் வழியில் ரவிக்கையின் கீழ்விளிம்பு நின்றிருக்கிறது. எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு கீழே இறங்கப் பார்க்கும். அதில் பத்துப் பட்டி வைத்தாலும் பயனில்லை, எல்லாம் ஊன்ற இடமில்லாமல் அந்தரத்தில் நிற்கின்றன.

தீர்வு இரண்டு. முதலாவது, அதை உண்மையான கோர்செட் ஆக்குவது. ரவிக்கையை இடுப்புக்குக் கீழே மூன்று நான்கு சென்டிமீட்டர் வரை நீட்ட வேண்டும். உள்ளே, இடுப்பு மட்டத்தில், நீளாத பருத்தி நாடா ஒன்றை 70 சென்டிமீட்டருக்கு வெட்டி வைக்க வேண்டும். இடுப்பைவிட 2 சென்டிமீட்டர் குறைவு. ஒவ்வொரு நீளத் தையலிலும் நாடாவை ஓர் இடத்தில் பிடித்துத் தைத்து, பின்னால் தனியாக ஹூக் வைத்து, ஜிப்பைப் போடும் முன் அதை மாட்ட வேண்டும். இழுப்பு முழுவதையும் நாடா வாங்கிக்கொள்ளும். மேல்துணிக்கும் ஜிப்புக்கும் வேலை குறையும், ஆரி வேலைப்பாடும் சுருங்காது. பட்டிகள் இடுப்பைத் தாண்டிக் கீழ்விளிம்புவரை போக வேண்டும். ஆனால் பட்டி, தன் குழாயைவிட ஒரு சென்டிமீட்டர் குட்டையாக இருக்க வேண்டும், இரு முனையிலும் அரை அரை சென்டிமீட்டர் விட்டு. இந்த இடைவெளி இல்லாவிட்டால் உட்கார்ந்து எழும் ஒவ்வொரு முறையும் பட்டி விளிம்பை முட்டி, சில மணி நேரத்தில் துணியைத் துளைத்துக்கொண்டு வரும்.

இரண்டாவது, வயிறு தெரியும் நீளமே வேண்டுமென்றால் அதைப் பஸ்டியர் முறையில் கட்டுவது. மார்புக்கு அளவான கப், அதன் கீழ் கம்பி, மார்புக்குக் கீழ்ச் சுற்றில் உறுதியான எலாஸ்டிக் வளையம். 78-க்குப் பத்தில் ஒரு பங்கு குறைத்து, சுமார் 70 சென்டிமீட்டர். உள்பக்கம் சிலிக்கான் கோடு போட்ட எலாஸ்டிக் வைத்தால் தோலில் பற்றும். வளையம் மார்பின் அடிமடிப்பிலேயே, விலாவின் அகலமான இடத்தில் நின்றாக வேண்டும். அதற்குக் கீழே நீளும் துணியை இறுக்கமில்லாமல் விட வேண்டும். பவுடர் போட்ட தோலிலும் வியர்வையிலும் சிலிக்கானின் பிடி குறையும் என்பதால், ஏசி இல்லாத மண்டபத்துக்கு இந்த வழியை மட்டும் நம்புவது சரியல்ல. மெல்லிய தோள்பட்டையைக் கழற்றி மாட்டும்படி உள்ளே வைத்துக்கொள்வது நல்லது.

ரிஜிலீனைப் பற்றியும் ஒரு சொல். அது சுருளில் வருவதால் சுருளின் வளைவு அதிலேயே நிற்கும். மேலே துணி போட்டு மிதமான சூட்டில் இஸ்திரி போட்டு நேராக்கிய பிறகே வைக்க வேண்டும். வெட்டிய முனையில் இழைகள் ஊசிபோல நீட்டிக்கொண்டிருக்கும். சுடரில் காட்டி உருக்கியோ, துணிப்பட்டை மடித்துத் தைத்தோ மூடாவிட்டால் தோலில் கீறும். உடல் சூட்டில் சில மணி நேரம் இருந்தால் அது இளகி உடலின் வளைவைப் பிடித்துக்கொள்ளும். லேசான கோர்செட் டாப்புக்கு அது பரவாயில்லை. கனமான மார்பு உள்ளவர்களுக்கும், கல்லும் மணியும் பதித்த கனமான துணிக்கும், மார்பு மேட்டின்மேல் ஓடும் தையலில் சுருள் எஃகு தேவை. இளகிய ரிஜிலீன் அந்த எடையைத் தாங்காமல் வெளியே வளைந்து விலகி நிற்கும். மேலிருந்து பார்த்தால் விளிம்புக்கும் உடலுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி தெரியும்.

முதல் ஃபிட்டிங்கிலேயே இவற்றையெல்லாம் கண்டுபிடிக்கலாம். மணப்பெண் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி இறக்கட்டும். மேல் விளிம்பு தொடங்கிய இடத்துக்கே திரும்பி வர வேண்டும். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முன்பட்டி தொடையில் குத்தினாலோ மேலே மார்பைத் தள்ளினாலோ பட்டி நீளம். ஆழமாக ஒரு மூச்சு இழுக்கும்போது தடை இருந்தால் அளவு குறைவு. இடுப்பில் கிடைமட்டமாகச் சுருக்கங்கள் விழுந்தால் பட்டி போதவில்லை, அல்லது ரவிக்கையின் உடல் நீளம் கூடுதல். மார்பிலிருந்து அக்குளை நோக்கிச் சாய்வாக இழுப்புக் கோடுகள் போனால் மார்புக்கு இடம் போதவில்லை. அங்கே நாடாவை இறுக்கிப் பயனில்லை, துண்டை அவிழ்த்துத் துணி சேர்க்க வேண்டும்.

ஆயத்த ஆடையாக வாங்குபவர்கள் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். கோர்செட் டாப் என்று எழுதியிருக்கும் பலவற்றில் வெறும் தையல் கோடு மட்டும் இருக்கும், குழாய்க்குள் ஒன்றும் இராது. பட்டி இருந்தாலும் அது எங்கே முடிகிறது என்று தடவிப் பார்க்க வேண்டும். இடுப்புவரை வந்தால் தோள்பட்டையை நம்பாமல் அணியலாம். விலாவிலேயே நின்றால், கப்பும் வளையமும் உறுதியாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பட்டியே இல்லையென்றால் தோள்பட்டையின் அகலத்தைப் பார்த்து வாங்க வேண்டும். தையற்கடையில் துணி கொடுப்பவர்களும் கழுத்து டிசைனுக்கு முன்னால் கேட்க வேண்டியது, இதன் எடை எங்கே உட்காரப் போகிறது என்பதைத்தான். இடுப்பில் என்றால் உள்நாடா வைக்கச் சொல்லுங்கள். விலாவில் என்றால் கப்புக்கும் வளையத்துக்கும் தனியாக அளவெடுக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் இடம் விடாத நீளம் என்றால், தோளுக்கு ஒரு பட்டை கேளுங்கள்.